சஹரில் இரண்டு ஸ்பூன்

கிரியேட்டின் பொடி தண்ணீரை உடம்பில் பிடித்து வைக்கும் என்று ஜிம்மில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. மீதிக் கதையை நானே கட்டிக்கொண்டேன். நோன்புக்கு முந்தைய விடியற்காலைச் சாப்பாடான சஹர் முடிகிற கடைசி நிமிடத்தில், பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால், இரண்டு ஸ்பூன் பொடியைப் போட்டு ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டால், அந்தத் தண்ணீர் சதைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நோன்பு திறக்கும் மக்ரிப் வரைக்கும் நாக்கு வறளாது. நாற்பத்தெட்டு வயதில், கல்யாணமாகி, கடை வைத்து, ஊரில் நாலு பேருக்குப் புத்தி சொல்கிற நிலையில் இருந்துகொண்டு இதை நான் நம்பினேன். நம்பியதோடு, இதுவரை எந்த நோன்பாளிக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டதே என்று பெருமையும் பட்டேன்.

பொடி என் கைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அது வேடிக்கையான கதை இல்லை.

என் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சர்க்கரை தின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கழுத்தில் ஒரு குழாயைச் செருகி, அதன் வழியாக ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி விடுவார்கள். கையில் போட்ட இணைப்பு இரண்டு முறை அடைத்துக்கொண்டதால் கழுத்துக் குழாய்தான் கதி. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து சென்னைக்கு மின்சார ரயில், பிறகு ஷேர் ஆட்டோ. போகும்போது பேசிக்கொண்டு போவாள். வரும்போது ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக்கொண்டு வருவாள்.

சிறுநீரகம் கொடுக்க ஆள் நான்தான். ரத்த வகை சேர்ந்தது, மற்றதெல்லாம் சேர்ந்தது. என் எடைதான் சேரவில்லை. "எண்பத்தெட்டு கிலோ இருக்கீங்க சார். எட்டு கிலோவாவது இறக்கிட்டு வாங்க, அப்புறம் தேதி வைக்கலாம்" என்றார் சிறுநீரக டாக்டரம்மா. அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற அளவு 0.9. அருமையான நம்பர் என்றார். பரீட்சையில் முதல் முறையாக நல்ல மார்க் வாங்கிய பையன் மாதிரி அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எடை இறக்க ஜிம்மில் சேர்ந்தேன். எங்கள் கடைத்தெருவில் ஐஸ் கம்பெனிக்கு எதிரே மாடியில் இருக்கிறது. அதை நடத்துகிற மாஸ்டர் பழைய கபடி ஆட்டக்காரர். எதற்குச் சேருகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. "சம்சாரம் ஒரு மாதிரியா பாக்குது மாஸ்டர்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். உண்மையைச் சொன்னால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்து, வலைக்கடை பாய் கிட்னி கொடுக்கப் போகிறார் என்று கடைக்கு வருகிறவர்களெல்லாம் என்னைக் குளிப்பாட்டிக் கிடத்திய மையத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். எனக்குச் சிரிக்கிற முகம்தான் பிடிக்கும்.

மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கியது. மாஸ்டர் ஒரு டப்பாவைக் காட்டினார்.

"பாய், எடை இறங்கும்போது சதையும் கரையும். வெயிட்டு தூக்க தெம்பு வேணும்னா இத போடலாம். கிட்னி, பிரஷர், சுகர், எதுனா கீதா உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மாஸ்டர்."

இந்த ஒரு பதில் மட்டும் பொய்யில்லை.

"நோன்பு வருது, எப்ப போடறது?"

"எப்பன்னா இன்னா பாய்? நோன்பு திறந்ததுல இருந்து சஹர் வரைக்கும் உங்களுக்கு எப்ப தோதோ அப்ப. சாப்பாட்டோட ஒரு சின்ன ஸ்பூன். அது மூணுல இருந்து அஞ்சு கிராம், அவ்ளோதான். ஒரு நாள் மறந்துட்டா மறுநாள் சேத்து போடாதீங்க. இது தலைவலி மாத்திரை மாதிரி உடனே வேலை செய்யற சமாச்சாரம் இல்ல, சதையில மெதுவா நிறையறது. ராவுல தண்ணி நல்லா குடிங்க."

இவ்வளவு தெளிவாக ஒரு மனிதர் சொல்லியும், என் காது "தண்ணி" என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது.

முதல் நோன்பு. பாங்குக்கு நாலு நிமிடம். என் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு குவித்த ஸ்பூனைத் தம்ளரில் போட்டுக் கலக்கினேன். பொடி கரையவில்லை. குளிர்ந்த தண்ணீரில் அது கரைவதற்கு நேரமாகும். மணல் மாதிரி அடியில் உட்கார்ந்தது. மணலையும் விழுங்கினேன். ஒரு செம்புத் தண்ணீர் என்று கணக்குப் போட்டிருந்தேனே, அரைத் தம்ளர் உள்ளே போவதற்குள் ஒலிபெருக்கி கரகரத்துவிட்டது.

"இன்னாங்க அது?" என்றாள்.

"ஒட்டகப் பொடி. சாயங்காலம் வரைக்கும் தண்ணி கேக்காது."

"மனுசனுக்கு எதுக்கு?"

அவள் கேட்டதுதான் சரி.

பத்து மணிக்குக் கடையில் ஒருவர் நண்டு வலைக்கு ஈயக்குண்டு கேட்டார். எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். வயிற்றில் முகத்துவாரம் திறந்துகொண்டது. அதற்குப் பிறகு மதியத்துக்குள் ஐந்து முறை ஓடினேன். உள்ளே பூட்டி வைத்ததாக நான் நினைத்த தண்ணீரும், அதற்கு முந்தின நாள் தண்ணீரும், இன்னும் யாருடைய தண்ணீரோ எல்லாம் போயிற்று. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஏரிக்காற்று உப்பாக வந்து உதட்டைப் பிடித்தது. கல்லாவுக்குப் பின்னால் நைலான் நூல் கட்டின் மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன். உடம்பு முடியாவிட்டால் நோன்பை விடலாம், பிறகு இன்னொரு நாள் பிடித்துக் களா செய்துகொள்ளலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் எதனால் முடியவில்லை என்று கேட்பார்களே.

மறுநாள் மாஸ்டரிடம், யாரோ ஒருவருக்கு நடந்த மாதிரி கேட்டேன்.

"ரெண்டு ஸ்பூன ஒண்ணா போட்டா வயிறு பிடுங்கத்தான் செய்யும் பாய். அது எவன் அந்த அறிவாளி?"

"காட்டூர்க்காரன் ஒருத்தன் மாஸ்டர், உங்களுக்குத் தெரியாது."

ஸ்பூனைக் குறைத்திருக்க வேண்டும். நான் நேரத்தை மாற்றினேன். சஹர் சரியில்லை, நோன்பு திறக்கும் நேரம்தான் சரி என்று முடிவு செய்து, பள்ளிவாசலிலிருந்து வருகிற கஞ்சியில் பொடியைக் கலந்தேன். சூடான கஞ்சியில் நன்றாகவே கரைந்தது. நாலைந்து நாள் வயிறு சும்மா இருந்தது. இனி வெற்றி என்று மறுபடியும் இரண்டு ஸ்பூன்.

அக்கா அந்த மாதம் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு நோன்பு இல்லை. டாக்டர் கூடாது என்றுவிட்டார். ஆனாலும் நோன்பு திறக்க எங்களோடு பாயில் வந்து உட்காருவாள். ஒரு நாளைக்கு அவளுக்கு அனுமதித்த தண்ணீர் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதில் டீ, குழம்பு, கஞ்சி எல்லாம் சேர்த்தி. காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துக்கொண்டு, மூடியால் மூடி மூடியாகக் குடிப்பாள். நாங்கள் பாங்கு கேட்டதும் தம்ளர் தம்ளராக ஊற்றிக்கொள்வோம். அவள் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்ப்பாள்.

"உங்களுக்கு ஒரு மாசம்டா. எனக்கு எப்ப பாங்கு சொல்லுவாங்களோ" என்றாள் ஒருநாள். எல்லாரும் கஞ்சியைப் பார்த்தோம்.

நான் சும்மா இருப்பேனா. "உனக்குப் பாங்கு சொல்றவன் இங்க உக்காந்து வடை துன்னுட்டு இருக்கான்கா. பெருநாள் முடிஞ்சு ஒரு வாரம். அப்புறம் நீ ஏரியவே குடி" என்றேன்.

சிரித்தாள். என் நகைச்சுவைக்கு ஊரில் பலர் சிரிப்பார்கள், வலை கடனுக்கு வேண்டும் என்பதால். அவள் மட்டும்தான் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்குவாள். சிறு வயதிலிருந்தே அப்படி. அறுவைக்குத் தேதி வைத்திருந்தார்கள். எடை எண்பதைத் தொட்டுவிட்டிருந்தது. நடுவில் பொடியால் ஒரு கிலோ ஏறி என்னை மிரட்டியது வேறு விஷயம். சதைக்குள் தண்ணீர் சேர்வதால் அப்படித்தான் ஏறுமாம்.

"அதென்னடா கஞ்சில வெள்ளையா கலக்கற?" என்று கேட்டாள்.

"வாயுப் பொடி. வடைக்கு மாத்து."

பன்னிரண்டாம் நோன்பன்று கடைசிப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். நான் மட்டும் போனேன். மதியம் இரண்டு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். முந்தின இரவு இரண்டு ஸ்பூன் பொடி, அதோடு ஒரு பெரிய தட்டு பீஃப். காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊசி போட்டவர் நரம்பைத் தேடி என் கையை மூன்று இடத்தில் தட்டினார்.

நாலு மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டார். கையில் இருந்த தாளைப் பார்த்தார், பழைய தாளைப் பார்த்தார்.

"சார், கிரியேட்டினின் 1.4 வந்திருக்கு. போன தடவை 0.9. ஏதாவது மருந்து, மாத்திரை, நாட்டு மருந்து, பவுடர், ஏதாவது சாப்பிடறீங்களா?"

பவுடர் என்ற சொல்லைத் தெளிவாகவே சொன்னார். அந்த ஒரு நொடி எனக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. கிரியேட்டின், கிரியேட்டினின். இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. என் கிட்னியை நானே பொடி போட்டுக் கொன்றுவிட்டேன். அக்காவுக்கு எடுத்து வைத்ததை நானே தின்றுவிட்டேன். நாக்கு எழவில்லை. நாக்கு எழாதபோது எனக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு.

"டாக்டரம்மா, நோன்புக்காரன்கிட்ட கேக்கற கேள்வியா இது? எச்சிலக் கூட பர்மிஷன் கேட்டுத்தான் முழுங்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த நர்ஸும் சிரித்தார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கோப்பில் 'எதுவும் இல்லை' என்று எழுதினார்.

"சரி சார். நோன்புல தண்ணி குறைஞ்சதாலயும் ஏறலாம். ஆனா ஒரு சின்ன சந்தேகம் இருந்தாலும் உங்ககிட்டருந்து எடுக்க மாட்டோம். உங்களுக்கும் ஒண்ணு போதணும் இல்லையா? பெருநாள் முடியட்டும், நல்லா தண்ணி குடிச்சிட்டு வாங்க, திரும்பப் பாப்போம். இப்ப வச்ச தேதி வேணாம்."

வீட்டில் வந்து சொன்னேன்: நோன்பினால் நம்பர் ஏறிவிட்டதாம். என் மனைவி உடனே நோன்பை விடச் சொன்னாள். பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கேட்டதற்கு, உடல்நலத்துக்கு டாக்டர் சொன்னால் விடலாம், பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்றார். அக்கா பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரை அசைத்துப் பார்த்துவிட்டு, "எனக்காக நீ நோன்ப விட்டுடாதடா. ஒரு மாசம்தானே. இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

ரமலான் மாதத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அதன் நிழலில் நான் ஒளிந்துகொண்டேன்.

இதற்குப் பிறகாவது டப்பாவை ஏரியில் வீசியிருக்கலாம். வீசவில்லை. பயந்தவன் மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு என்னை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். பொடி கெட்டதாக இருந்தால் நான் கொலைகாரன். நேரம் கெட்டதாக இருந்தால் நான் வெறும் முட்டாள். முட்டாளாக இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆகவே நேரம்தான் தப்பு என்று முடிவு செய்தேன். காலி வயிற்றில், வறண்ட உடம்பில் போட்டதால்தான் கிட்னியைச் சுட்டிருக்கிறது. இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து வந்து, சோறு சாப்பிட்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்து, பதினொரு மணிக்குப் போட்டால் கிட்னி குளிர்ச்சியாக இருக்கும். பகலெல்லாம் அதற்கு ஓய்வு. ஒரு தாளில் நேரம் எழுதிச் சமையல்கட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். ஸ்பூனையும் ஒன்றாகக் குறைத்தேன். நிறுத்தியதும் சதை கரைந்து எடை குழம்பி, அதற்கும் ஒரு தேதி தள்ளுவார்களோ என்று இன்னொரு பயம். இப்படியாக, முப்பது நாளும் நோன்பையும் விடவில்லை, பெருநாள் தாண்டியும் பொடியை நிறுத்தவில்லை.

பெருநாளுக்கு அடுத்த வாரம் மறுபடியும் ரத்தம். தண்ணீர் வயிறு முட்டக் குடித்திருந்தேன். 1.2.

"இறங்கியிருக்கு, ஆனா பழைய இடத்துக்கு வரல" என்றார் டாக்டரம்மா. இந்த முறை நான் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. கோப்பில்தான் 'எதுவும் இல்லை' என்று இருக்கிறதே. "ஒரு மாசம் விட்டுப் பாப்போம்."

அப்படிக் காத்திருந்த ஒன்பதாம் நாள் டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், மீஞ்சூரைத் தாண்டும்போது ரயிலில் அக்காவுக்குக் குளிர் வந்தது. வெயில் கொளுத்துகிற நேரத்தில் என் சட்டையையும் கழற்றிப் போர்த்திப் பிடித்துக்கொண்டேன். பல் அடித்துக்கொண்டது. "இன்னாடா இது, மார்கழி மாரி" என்றாள். கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. பொன்னேரியில் இறங்கி, அதே ரயில் நிலையத்தில் எதிர்ப்பக்க நடைமேடைக்குப் போய், திரும்பவும் சென்னைக்கே கொண்டுபோனேன். தீவிர சிகிச்சைப் பிரிவு. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். ஒரு டாக்டர் கையெழுத்து வாங்க வந்தார். "சரியான ஊசி ஒண்ணு இருக்கு. ஆனா அது காதைப் பாதிக்கலாம். உயிருக்காகக் கொடுக்கறோம்" என்றார். மச்சான் இறந்துபோய்ப் பல வருடங்கள். கையெழுத்து என்னுடையதுதான்.

கையெழுத்துப் போட்ட கை எனக்கு அந்நியமாக இருந்தது. போன வாரமே என்னுடையதை அவளுக்குள் வைத்துத் தைத்திருக்க வேண்டியது. குழாயை எடுத்திருப்பார்கள். கிருமி வர வழியே இருந்திருக்காது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்து, டப்பாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். டாக்டரம்மாவின் மேசையில் வைத்தேன். அவர் டப்பாவைத் திருப்பி எழுத்துகளைப் படித்தார். மூடியைத் திறந்து, திரும்ப மூடினார்.

"எப்பலருந்து?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் சஹரில் எடுத்தேன், அது தப்பு, பிறகு நோன்பு திறக்கும்போது கஞ்சியில், அதுவும் தப்பு, பிறகு தராவீஹ் முடிந்து பதினொரு மணிக்கு, அதுதான் சரியான நேரமென்று நினைத்தேன்...

"சார்." கையை உயர்த்தினார். "நேரம் முக்கியமே இல்ல. சாயங்காலமோ விடியக்காலையோ, எப்ப எடுத்தாலும் ஒண்ணுதான். நீங்க என்கிட்ட சொல்லல, அதுதான்."

பிறகு, பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். கிரியேட்டின் சதையில் சேருகிறது. அங்கே அது கொஞ்சம் கொஞ்சமாகக் கிரியேட்டினினாக மாறி ரத்தத்துக்கு வருகிறது. கிட்னி கெட்டாலும் அந்த எண் ஏறும். பொடி சாப்பிட்டாலும் ஏறும். கறி நிறையத் தின்று, தண்ணீர் இல்லாமல் வந்தாலும் ஏறும். எண்ணைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. "அன்னைக்கே பவுடர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பொடி கலக்காத வேற டெஸ்ட் ஒண்ணு அன்னைக்கே எடுத்திருப்பேன். தேதியைத் தள்ளியிருக்க மாட்டேன்."

"என் கிட்னி போயிடுச்சா டாக்டரம்மா?"

அவர் அந்த வேறு டெஸ்ட்டை எழுதிக் கொடுத்தார். அன்றே எடுத்தார்கள். சரியாக இருந்தது. ஸ்கேன் வைத்தும் அளந்தார்கள். அதுவும் சரியாக இருந்தது. என்னை எழுந்து போகச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். டப்பாவை அவர் என்னிடம் திருப்பித் தரவில்லை.

அக்கா பதினேழு நாள் கழித்து வெளியே வந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். டப்பா, கஞ்சி, எச்சில் நகைச்சுவை, எதையும் விடவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "இன்னாடா சொன்ன? கொஞ்சம் சத்தமா சொல்லு" என்றாள்.

சத்தமாகச் சொன்னேன். வார்டே கேட்டது.

அவள் தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டாள். பிறகு, "வாயுப் பொடின்னியேடா" என்றாள்.

பொடியை நிறுத்தி நாலு வாரத்தில் என் எண் 0.9. என் சிறுநீரகத்துக்கு எந்த நாளிலும் எந்தக் கேடும் வந்திருக்கவில்லை. அக்காவின் உடம்பு தேறுவதற்காக இன்னும் இரண்டு மாதம் காத்திருந்து, என் இடது சிறுநீரகத்தை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். அது வேலை செய்கிறது. தண்ணீர் வேண்டிய மட்டும் குடிக்கிறாள். அந்த ஊசியில் வலது காது முழுதாகப் போய்விட்டது, இடது காதில் பாதி இருக்கிறது. நான் ஏதாவது சொன்னால், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு சிரிக்கிறாள்.